காகிதம் நீங்கிய சிங்கம்

வெள்ளைக் காகிதம் புகைப்படத்தில் வெள்ளையாக இருப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று ஏ4 தாளில் கிரேயானால் ஒரு சிங்கம் வரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஜன்னலோர மேசையில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுக்கிறோம். சிங்கத்துக்கு மஞ்சள் பிடரி. பிடரிக்கு வெளிக்கோடு கிடையாது, வெளிப்பக்கமாக இழுத்த மஞ்சள் கீற்றுகள் மட்டும்தான். முகத்துக்குப் பிள்ளை வண்ணம் தீட்டவில்லை, தாளின் வெள்ளையே முகம். உடலைச் சுற்றிக் கறுப்புக் கோடு போகிறது. வயிற்றுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே மட்டும் அந்தக் கோடு நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டுப்போயிருக்கிறது. பென்சிலால் போட்ட மீசை முடிகள் சில. சுருண்டு வந்து முதுகைத் தொடும் ஒரு வால்.

இந்தச் சிங்கத்தை ஸ்டிக்கராக்க வேண்டும். சிங்கம் மட்டும் நிற்க வேண்டும். அதைச் சுற்றிச் சீரான வெள்ளை விளிம்பு வேண்டும். தாளின் சாம்பல் நிறமோ சொரசொரப்போ எங்கும் தெரியக் கூடாது. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த யாரும் ஐந்து நிமிடத்தில் வெட்டிவிடக்கூடிய இந்த உருவத்தைக் கணினியிடம் கொடுத்தால் முதல் முயற்சியில் பெரும்பாலும் சிதைந்த படமே வெளிவரும். பிடரி பாதி காணாமல் போயிருக்கும், முகத்தில் ஓட்டை விழுந்திருக்கும், ஒரு மூலையில் சாம்பல் நிறத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த மூன்று கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றே. தாள் என்பதை நாம் ஒரு நிறமாக நினைத்துக்கொள்கிறோம். கணினிக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறோம்.

ஒளியைப் பிரித்தெடுத்தல்

ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நம் படத்தில் ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே வெறும் தாளில் ஒரு பிக்சலைத் தொட்டுப் பார்த்தால் 240, 238, 232 என்று காட்டும். வலப்பக்கம் கீழ்மூலையில் அதே தாள் 192, 188, 176. அங்கே ஒளி குறைவு. அறைச் சுவரிலிருந்து திரும்பி வந்த ஒளி என்பதால் சற்றுப் பழுப்பும் கலந்திருக்கிறது. இனி, ஜன்னலுக்கு அருகில் இருக்கும் பிடரியின் மஞ்சளைப் பாருங்கள்: 235, 209, 58. ஒரு பிக்சல் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் வழக்கமான கணக்கு ஒன்று உண்டு. சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587 பங்கு, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டுவார்கள். அப்படிக் கூட்டினால் மஞ்சள் பிடரிக்கு 200 வரும். வலது மூலையின் வெள்ளைத் தாளுக்கு 188தான் வரும்.

அதாவது வண்ணம் தீட்டிய இடம் வெறும் தாளைவிட வெளிச்சமாக இருக்கிறது. ‘இத்தனைக்கு மேல் வெளிச்சமானதெல்லாம் தாள்’ என்று எந்த எண்ணை வரம்பாக வைத்தாலும் தப்பாகத்தான் முடியும். 195 என்று வைத்தால் பிடரி தாளோடு போய்விடும், மூலைத் தாள் சிங்கத்தோடு சேர்ந்துவிடும். முதல் முயற்சியில் பிடரி காணாமல் போனது இதனால்தான்.

நம் கண்ணுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. மூலையில் இருக்கும் தாளும் வெள்ளை என்பது பார்த்த உடனே தெரிகிறது. போலராய்டு கேமராவை உருவாக்கிய எட்வின் லேண்ட் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பல வண்ணத் தாள் துண்டுகளை ஒட்டிய பலகைகளின் மேல் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சினார். ஒரு துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவும், அந்தத் துண்டு எந்த நிறமாகத் தெரிகிறது என்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்று காட்டினார். 1971இல் அவரும் ஜான் மெக்கானும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை எளிமையானது. கண்ணுக்கு வரும் ஒளி என்பது, பொருளின் மேல் விழும் ஒளியையும் அந்தப் பொருள் அதில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் பெருக்கி வரும் எண். விழும் ஒளி இடத்துக்கு இடம் மெதுவாக மாறும். பொருளின் நிறமோ விளிம்பில் சட்டென்று மாறும். இந்த வேறுபாட்டை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

பெருக்கி வந்ததை வகுத்தால் பிரிக்கலாம். தாளில் எந்த இடத்தில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பது தெரிந்துவிட்டால், ஒவ்வொரு பிக்சலையும் அதனால் வகுத்து 255ஆல் பெருக்கினால் போதும். விழுந்த ஒளியைக் கண்டறிய, கட்டாயம் வெறும் தாள்தான் என்று தெரிந்த சில இடங்களை எடுத்துக்கொள்கிறோம். நான்கு மூலைகளும் ஓரங்களும் சிங்கத்தைச் சுற்றியுள்ள வெற்றிடமும் அதற்குப் போதும். அந்தப் புள்ளிகளின் வழியாக மெல்ல வளையும் ஒரு பரப்பைப் பொருத்துகிறோம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக இதைச் செய்தால் பழுப்புச் சாயலும் கூடவே போய்விடும். வகுத்த பிறகு மூலைத் தாள் 255, 255, 255 ஆகிறது. பிடரி 250, 224, 64 ஆகிறது.

இதே வேலைக்குப் படத்தையே பெரிதாக மங்கலாக்கி அந்த மங்கலால் வகுக்கும் சுருக்குவழி ஒன்று பரவலாக இருக்கிறது. எழுத்துத் தாள்களுக்கு அது நன்றாகவே உதவும். ஏனென்றால் எழுத்துகள் மெல்லியவை, மங்கலாக்கியதில் தாளின் வெள்ளையே மேலோங்கி நிற்கும். பிள்ளைகளின் ஓவியத்தில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு அப்பிய வண்ணம் இருக்கும். மங்கலாக்கும் அகலம் அதைவிடச் சிறியதாக இருந்தால் அந்த வண்ணமே ‘விழுந்த ஒளி’ என்று கணக்கில் ஏறிவிடும். வகுத்ததும் பிடரியின் நடுப்பகுதி வெளிறிப்போய் ஓரம் மட்டும் மஞ்சளாக நிற்கும். ஒரு ஸ்டிக்கரில் வண்ணப் பகுதிகள் நடுவில் வெளிறியும் ஓரத்தில் அடர்ந்தும் தெரிந்தால் இந்தச் சுருக்குவழிதான் பயன்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

விவரம் அறிந்த வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். படக்கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லையே, அவற்றை வகுப்பது சரியா? அந்த எண்கள் ஏறக்குறைய ஒளியின் ஓர் அடுக்கு. இரண்டு எண்களைப் பெருக்கி அடுக்குக்கு உயர்த்துவதும், தனித்தனியாக உயர்த்திப் பெருக்குவதும் ஒன்றுதான். அதனால் வகுத்தல் இங்கே செல்லுபடியாகிறது. கழித்தலாக இருந்தால் செல்லாது. தாளின் சாம்பலைக் ‘கழித்து’ எடுக்கும் முறைகளில் மூலையில் உள்ள வண்ணங்கள் திரிந்துபோவது இதனால்தான்.

இவ்வளவு கணக்கும் விழும் ஒளி மெதுவாக மாறுகிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. படம் எடுப்பவரின் கை நிழல் தாளின் மேல் கூர்மையான ஓரத்தோடு விழுந்திருந்தால் அந்த நிழலின் ஓரத்தைக் கணினி ஒரு கோடாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது திருத்துவதைவிட மறுபடி படம் எடுப்பது மேல்.

சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது

வகுத்து முடித்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் தாள் இன்னும் முழு வெள்ளையாக இருக்காது. 255ஐ ஒட்டி எண்கள் மேலும் கீழும் நடுங்கிக்கொண்டிருக்கும். மூன்று நிறங்களில் எது குறைவோ அதை மட்டும் பார்த்தால் 250க்குப் பக்கத்தில் இருக்கும், சில இடங்களில் 242 வரை இறங்கும். கேமராவின் இரைச்சல் இதில் ஒரு பங்கு. மீதி தாளின் இழைகள்.

ஓவியத்தாளின் மேற்பரப்பு மேடு பள்ளமானது. ஒளி ஒரு பக்கமிருந்து சாய்வாக விழும்போது ஒவ்வொரு மேடும் தன் பின்னால் ஒரு சின்ன நிழல் போடுகிறது. அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களின் மேற்பரப்பை ஆராய வேண்டியிருந்தால் வேண்டுமென்றே பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுப்பார்கள், சிறு வெடிப்பும் அப்போது தெரியும். ஜன்னலோர மேசையில் நாம் அறியாமல் அதையேதான் செய்கிறோம். ஆகவே தாளின் சொரசொரப்பில் பெரும்பங்கை நீக்கும் இடம் மென்பொருள் அல்ல. மேகமூட்டமான பகலில் வெளியே தாழ்வாரத்தில் தாளைக் கிடத்திப் படம் எடுத்தால், எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒளி அந்தச் சின்ன நிழல்களை நிரப்பிவிடும். கேமராவின் ஃபிளாஷ் உதவாது. கிரேயான் மெழுகால் ஆனது, பளபளக்கும். ஃபிளாஷ் பட்ட இடத்தில் வண்ணமே வெள்ளையாகத் திரும்பி வரும், அதன் பின் எந்தக் கணக்காலும் அந்த வண்ணத்தை மீட்க முடியாது.

மிச்சம் இருக்கும் நடுக்கத்தை வெள்ளையாக்குவது எளிது. வண்ணத்தைப் பார்க்காமல் தாளையே அளக்க வேண்டும். வெறும் தாளின் ஒரு துண்டை எடுத்து அதன் எண்கள் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்று பார்க்கிறோம், நம் படத்தில் 242. எனவே மூன்று நிறங்களில் குறைந்தது 240க்கு மேல் இருக்கும் பிக்சல்களையெல்லாம் சுத்த வெள்ளை ஆக்குகிறோம். 215க்குக் கீழே இருப்பவற்றைத் தொடுவதில்லை. இடையில் இருப்பவை படிப்படியாக வெள்ளையை நோக்கி நகரும். ஒரே எண்ணில் சட்டென்று வெட்டினால் கோடுகளின் ஓரம் ரம்பப் பல் போலத் தெரியும், அதற்காகத்தான் இந்தச் சரிவு.

‘குறைந்தது’ என்ற அந்தச் சொல்லில்தான் மஞ்சள் பிழைக்கிறது. பிடரியின் சிவப்பு எண் 250, அதை மட்டும் பார்த்தால் தாள்தான். பச்சையும் தாளுக்கு அருகில்தான் இருக்கிறது. நீலம் 64. மஞ்சள் கிரேயான் நீல ஒளியை விழுங்குவதால்தான் மஞ்சளாகத் தெரிகிறது, அந்த ஒரு நிறத்தில் அது கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் இந்தத் தடயத்தை முதல் படியிலேயே தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. பென்சிலால் அழுத்திப் போட்ட மீசை 205 அளவில் இருக்கும், தப்பிவிடும். பிள்ளை தயங்கித் தயங்கி மெல்லத் தடவிய நிழல் 235 அளவில் இருந்தால் அது தாளோடு கலந்து மறையும். வெள்ளைக் கிரேயானால் தாளில் ஏதாவது வரைந்திருந்தால் அது நிறத்தில் எந்தத் தடயமும் விடுவதில்லை. திருத்திய படத்தையும் மூலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மிக மெல்லிய கோடு எது என்று தேடி, அது இரண்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

பிடரிக்குள்ளே இருக்கும் வெள்ளைப் புள்ளிகளை என்ன செய்வது? கிரேயான் தாளின் மேடுகளில் மட்டும் படிகிறது, பள்ளங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே மஞ்சள் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை. இதுவும் தாளின் சொரசொரப்புத்தானே, இதையும் நிரப்பி வழவழப்பாக்கலாமே என்று தோன்றும். செய்யவும் முடியும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ளவற்றின் நடு மதிப்பைக் கொடுத்தால் புள்ளிகள் மறையும். ஆனால் மீசை முடிகளும் சேர்ந்து மறையும், கறுப்புக் கோட்டின் நடுக்கமும் வழவழத்துப்போகும். நான் இதைச் செய்யக் கூடாது என்ற கட்சி. வெறும் தாளின் இழை படம் எடுத்தபோது வந்து சேர்ந்தது, அதைப் பிள்ளை வரையவில்லை. மஞ்சளுக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் பிள்ளையின் கை எந்த அழுத்தத்தில், எந்தத் திசையில் போனது என்பதன் பதிவு. முதலாவதைத் துடைத்துவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்வதே இந்த வேலையின் நோக்கம் என்று நான் கருதுகிறேன்.

முகத்தின் வெள்ளையும் தாளின் வெள்ளையும்

இப்போது சிங்கத்தின் முகம் 255, 255, 255. வெளியே உள்ள தாளும் 255, 255, 255. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. வெள்ளையையெல்லாம் நீக்கு என்றால் முகம் ஓட்டையாகும். வேறுபாடு இடத்தில்தான் இருக்கிறது. தாளின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, எந்தக் கோட்டையும் தாண்டாமல் போய்ச் சேரக்கூடிய வெள்ளை வெளியே இருக்கிறது. அப்படிப் போய்ச் சேர முடியாத வெள்ளை உள்ளே இருக்கிறது. வயலில் நீர் பாய்ச்சுவது போலத்தான் கணினியும் இதைச் செய்கிறது. ஓரப் பிக்சலில் தொடங்கி, வெள்ளையாக இருக்கும் அண்டைப் பிக்சல்களுக்கு நகர்ந்து, அவற்றின் அண்டைக்கு நகர்ந்து, கோட்டை முட்டும் இடத்தில் நிற்கிறது.

வரப்பில் ஒரு மடை திறந்திருந்தால் வயல் நிரம்பிவிடும். நம் சிங்கத்தின் வயிற்றுக்கும் காலுக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் திறந்திருக்கிறது. பிடரியோ தனித்தனிக் கீற்றுகளால் ஆனது, அங்கே நூறு மடைகள். பிள்ளைகளின் ஓவியங்களில் மூடிய கோடு அரிது. அதனால் பாய்ச்சுவதற்கு முன்பு இடைவெளிகளை அடைக்க வேண்டும்.

அடைக்கும் கணிதம் பிரான்சின் இரும்புத் தாதுச் சுரங்கங்களிலிருந்து வந்தது. 1964இல் பாரிஸ் சுரங்கப் பொறியியல் கல்லூரியில் ஜார்ஜ் மாதெரோனும் அவரிடம் ஆய்வு செய்த ழான் செராவும், லொரேன் பகுதித் தாதுவின் மெல்லிய வெட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலுள்ள துகள்களின் வடிவத்தையும் இடைவெளிகளையும் எண்களாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் வகுத்த முறையில் இரண்டு அடிப்படைச் செயல்கள் உண்டு. ஒரு வடிவத்தை எல்லாப் பக்கமும் குறிப்பிட்ட அளவு பருக்கவைப்பது ஒன்று, அதே போல மெலியவைப்பது மற்றொன்று. பருக்கவைத்துப் பிறகு அதே அளவு மெலியவைத்தால் வெளிவடிவம் ஏறக்குறைய பழையபடி ஆகிவிடும். இடையில் ஒட்டிக்கொண்ட குறுகிய இடைவெளிகள் மட்டும் மூடியே இருக்கும்.

எண்களோடு பார்ப்போம். தாள் முழுவதும் நிறையும்படி 4000க்கு 3000 பிக்சல் படம் எடுத்திருக்கிறோம். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், ஆகவே ஒரு மில்லிமீட்டருக்குப் பதின்மூன்றரை பிக்சல். சிங்கம் 15 சென்டிமீட்டர் உயரம், ஏறத்தாழ 2000 பிக்சல். அச்சாகப்போகும் ஸ்டிக்கர் 5 சென்டிமீட்டர், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 590 பிக்சல். அதாவது கடைசியில் படம் 3.4 மடங்கு சிறுக்கப்போகிறது. அச்சில் இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு வேண்டுமென்றால் அது 24 பிக்சல், இப்போதைய பெரிய படத்தில் 80 பிக்சல்.

வண்ணம் பட்ட பிக்சல்களை மட்டும் கறுப்பாகக் காட்டும் ஒரு தனிப் படம் செய்துகொள்கிறோம். இதைத் தொழிலில் மாஸ்க் என்பார்கள். ஒவ்வொரு பிக்சலும் மிக அருகில் உள்ள வண்ணப் பிக்சலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். 120க்குள் இருப்பவற்றையெல்லாம் மாஸ்க்கில் சேர்க்கிறோம். சிங்கம் இப்போது ஒரு பருத்த மேகம் போல ஆகிவிட்டது. நான்கு மில்லிமீட்டர் இடைவெளி என்பது 54 பிக்சல், இரு பக்கமிருந்தும் 120 வளர்ந்ததில் அது அடைபட்டுப் போனது. பிடரிக் கீற்றுகளின் நடுவெளியும் அப்படியே. இப்போது வெளியிலிருந்து பாய்ச்சுகிறோம், போய்ச் சேராத இடமெல்லாம் சிங்கம். முகம் உள்ளே வந்துவிட்டது. பிறகு 40 பிக்சல் மெலியவைக்கிறோம். 120இல் 40 போக 80. நமக்கு வேண்டிய வெள்ளை விளிம்பு அதுவே.

இந்த ஒரே நடவடிக்கையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. வெளிநோக்கிய முனைகள் பருத்தபோது உருண்டுவிட்டன. காலும் வயிறும் சேரும் இடம் போன்ற உள்நோக்கிய மூலைகள், மெலியவைத்தபோது 40 பிக்சல் ஆரத்துக்கு உருண்டுவிட்டன. அது அச்சில் ஒரு மில்லிமீட்டர் ஆரம். கட்டிங் பிளாட்டரின் கத்தி கூரான உள்மூலையில் திரும்பும்போது வினைலைக் கிழிக்கும், வளைவில் கிழிக்காது. ஸ்டிக்கரின் ‘சுத்தமான வெளிக்கோடு’ என்று நாம் ரசிப்பது இப்படித்தான் உண்டாகிறது. சிங்கத்தின் கோட்டை யாரும் திருத்தவில்லை, அது பிள்ளை போட்டபடியே நடுங்கிக்கொண்டு உள்ளே இருக்கிறது. சீராக்கியது அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஓடும் வேறொரு கோட்டை.

மாஸ்க் செய்யும்போது கவனிக்க வேண்டியது தூசி. மூன்று பிக்சல் அகலமுள்ள ஒரு கறுப்புப் புள்ளி சிங்கத்துக்கு வெளியே இருந்தால், 120 பருத்ததும் அது ஏறத்தாழ 240 பிக்சல் அகல வட்டமாகி, சிங்கத்தின் முதுகில் ஒரு கட்டி போல ஒட்டிக்கொள்ளும். விளிம்பில் காரணமில்லாத புடைப்பு தெரிந்தால் அதன் நடுவே மூலப் படத்தில் ஒரு துகள் இருக்கும். ஆகவே பருக்கவைப்பதற்கு முன், குறிப்பிட்ட பரப்புக்குக் குறைவான தனித் துண்டுகளையெல்லாம் மாஸ்க்கிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். அப்போது சிங்கத்தின் கண்ணும் நீங்கிவிடாதா? மாஸ்க்கிலிருந்து நீங்கும், அதனால் ஒன்றும் கெடாது. கண் முகத்துக்குள் இருக்கிறது, முகம் எப்படியும் நிரம்பப்போகிறது. படத்தில் கண் பத்திரமாக இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதை மட்டும் தீர்மானிக்கும் படத்துக்குக் கண் தேவையில்லை.

வால் சுருண்டு முதுகைத் தொட்டதால் நடுவே ஒரு வெற்றிடம் அடைபட்டிருக்கிறது. அது உள்ளேயா வெளியேயா என்று கணக்கால் சொல்ல முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஸ்டிக்கருக்கு நான் அதை நிரப்பியே விடுவேன். நடுவில் ஓட்டையுள்ள ஸ்டிக்கரை உரித்தெடுக்கும்போது ஓட்டையின் ஓரம்தான் முதலில் கிழியும்.

விளிம்பில் நிற்கும் பிக்சல்கள்

விளிம்பே வேண்டாம், கோட்டை ஒட்டியே வெட்டுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சிங்கத்தைச் சுற்றி ஒரு வெளிறிய இழை தெரியும். வெள்ளைப் பின்னணியில் அது கண்ணில் படாது, கருநீல மடிக்கணினியில் ஒட்டியதும் பளிச்சென்று தெரியும். அதன் காரணம் சுவையானது.

கறுப்புக் கோட்டின் ஓரத்தில் உள்ள ஒரு பிக்சல் பாதி கோட்டிலும் பாதி தாளிலும் உட்கார்ந்திருக்கும். அதன் நிறம் இரண்டின் கலவை, சாம்பல். 1984இல் லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும், படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறங்களோடு, அது எத்தனை பங்கு மூடப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் ஆல்ஃபா என்ற நான்காவது எண்ணையும் வைத்து எழுதப்பட்ட கணக்கு அது. நம் ஓரப் பிக்சலுக்கு அது இப்படி இருக்கும்:

```
C = αF + (1 − α)B
```

C நாம் பார்க்கும் நிறம், F கிரேயானின் நிறம், B தாளின் நிறம். தாள் வெள்ளை என்று தெரியும். கிரேயானின் மூன்று நிற எண்களும் ஆல்ஃபாவும் தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு, ஆக மூன்று சமன்பாடுகள். தெரியாதவை நான்கு. பள்ளிக்கூடக் கணக்குப்படியே இதற்கு ஒரே விடை கிடைக்காது. வெளிர்மஞ்சளாக ஒரு பிக்சல் இருந்தால், அது முழுதாக மூடிய வெளிர்மஞ்சளா, பாதி மூடிய அடர்மஞ்சளா என்று அந்தப் பிக்சலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

திரைப்படத் தொழிலில் இதற்கு ஒரு தீர்வு உண்டு. ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996இல் காட்டியபடி, அதே பொருளை இரண்டு வெவ்வேறு நிறப் பின்னணிகளின் முன் படம் எடுத்தால் சமன்பாடுகள் ஆறாகிவிடும், விடை கிடைத்துவிடும். கிரேயான் சிங்கத்தைத் தாளிலிருந்து உரித்து நீலத்தாளில் வைத்துப் படம் எடுக்க முடியாது. இருப்பது ஒரே பின்னணிதான்.

வெள்ளை விளிம்பு இங்கேதான் தன் உண்மையான வேலையைச் செய்கிறது. விடை தெரியாத பிக்சல்கள் எல்லாம் கோட்டை ஒட்டி நிற்கின்றன. வெட்டும் இடத்தை அங்கிருந்து 80 பிக்சல் தள்ளி வைத்துவிட்டால் அவற்றைப் பிரிக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. அவை வெள்ளையோடு கலந்தவை, சுற்றிலும் இப்போதும் சுத்த வெள்ளையே இருக்கிறது, ஆகவே சரியாகவே தெரியும். புதிய வெட்டு விளிம்பின் ஓரத்தில் வெள்ளை மட்டும்தான் உண்டு. அதன் ஆல்ஃபாவை நாமே மாஸ்க்கிலிருந்து உண்டாக்குகிறோம், ஊகம் எதுவும் இல்லை. பெரிய படத்தில் மாஸ்க்கை முடித்துவிட்டுக் கடைசியில் 3.4 மடங்கு சிறுக்கும்போது, பதினொரு பன்னிரண்டு பிக்சல்களின் சராசரி ஒன்றாகி ஓரம் தானாகவே மென்மையாகிவிடும். இதனால்தான் சிறுக்குவதைக் கடைசி வேலையாக வைக்கிறார்கள்.

முடித்த படத்தை வெள்ளைத் திரையில் வைத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை, அங்கே எல்லாப் பிழையும் ஒளிந்துகொள்ளும். ஒரு முறை கறுப்பின் மேலும், ஒரு முறை அடர்சிவப்பின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒளியைச் சரியாக வகுக்காத இடம் விளிம்பின் வெள்ளையில் அழுக்குத் திட்டாகத் தெரியும். உள்ளே எங்காவது பின்னணியின் சிவப்பு எட்டிப் பார்த்தால் ஒரு மடை அடைபடவில்லை என்று பொருள். கோப்பை ஜேபெக் வடிவில் சேமித்தால் ஆல்ஃபா முழுவதும் தொலைந்துவிடும், கோடுகளைச் சுற்றி எட்டுப் பிக்சல் சதுரங்களில் மங்கிய புள்ளிகளும் திரும்பி வரும். பிஎன்ஜி வடிவில் சேமித்தால் இரண்டும் நேராது.

அச்சுக்கடைக்கு அனுப்பும்போது படத்தோடு வெட்டுக்கோட்டையும் தனியாகக் கேட்பார்கள். மாஸ்க்கின் ஓரத்தை வளைகோடாக மாற்றித் தர வேண்டும். பிக்சல் படிகள் அப்படியே கோடாகிவிட்டால் கத்தி ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பும், வெட்டு வாய் பிசிறாக இருக்கும். கோட்டிலுள்ள முனைப்புள்ளிகளை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இந்தச் சிங்கத்துக்குச் சில டஜன் புள்ளிகள் போதும். ஆயிரக்கணக்கில் இருந்தால் மாற்றும்போது வழவழப்பாக்கும் அளவைக் கூட்ட வேண்டும். அச்சிட்ட தாளைப் பிளாட்டரில் ஏற்றும்போது அரை மில்லிமீட்டர் அங்கே இங்கே நகர்வதும் உண்டு. விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் இருப்பதால் ஒரு பக்கம் ஒன்றரையாகவும் மறுபக்கம் இரண்டரையாகவும் ஆகும். மீசையின் நுனி அப்போதும் வெட்டுப்படாது.